ரெண்டு மணி நேரத்துக்கு ஏற்ற வேலை: சேலைக்கு ஃபால்ஸ், முந்தானைக்குக் குச்சு

கேள்வி: "அக்கா, மதுரை ஆனையூர் பக்கம் இருக்கோம். பிள்ளைங்க ஸ்கூலுக்குப் போன பிறகு, வீட்டு வேலை எல்லாம் போக தினமும் ரெண்டு மணி நேரம் கையில் இருக்கு. வீட்டிலிருந்தே ஏதாவது சம்பாதிக்க முடியுமா? பழைய தையல் மெஷின் ஒன்று இருக்கு. ப்ளவுஸ் தைக்க வராது, நேர்த்தையல் மட்டும் வரும்."

நேர்த்தையல் வரும் என்றால் அதுவே போதும். சேலைக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுங்கள். கை பழகியதும் முந்தானைக்குக் குச்சு கட்ட ஆரம்பியுங்கள். இந்த இரண்டைத்தான் உங்களுக்குச் சொல்வேன்.

காரணம் உங்கள் ரெண்டு மணி நேரம்தான். இட்லி மாவு விற்கலாம் என்று எல்லோரும் சொல்வார்கள். மாவுக்கு ஊறவைக்கும் நேரம், ஆட்டும் நேரம், புளிக்கும் நேரம், ஆள் வந்து வாங்கும் நேரம் என்று நாள் முழுக்க வேலை இழுக்கும். வாங்க வருகிறவர்களும் காலையில் பிள்ளைகளைக் கிளப்பும் அதே நேரத்தில் அல்லது சாயங்காலம்தான் வருவார்கள். பூக் கட்டுவதும் அப்படித்தான். மாட்டுத்தாவணியில் மல்லிகை விடியற்காலையிலேயே வந்துவிடும், மொட்டு விரிவதற்குள் கட்டி முடிக்க வேண்டும். நடுவில் ஸ்கூலில் இருந்து "பிள்ளைக்குக் காய்ச்சல், வந்து கூட்டிப் போங்கள்" என்று போன் வந்தால் அன்றைய பூ போச்சு. சேலை அப்படியில்லை. பாதி தைத்ததை மடித்து பீரோவில் வைத்துவிட்டுப் போகலாம், நாளைக்கும் அது அப்படியே இருக்கும். ப்ளவுஸில் வரும் "கை இறுக்குது, கழுத்து இறங்கிடுச்சு" என்ற அளவுத் தகராறும் இதில் கிடையாது.

முதலில் ஃபால்ஸ். மேட்சிங் சென்டரில் கிடைக்கும் ஃபால்ஸ் துணி சுமார் 5 அங்குல அகலமும் இரண்டரை மீட்டர் அளவு நீளமும் இருக்கும். சேலையின் கீழ்க்கரையில், உள்பக்கமாக, கொசுவம் வரும் இடத்தில் அதை வைத்துத் தைக்கிறோம். கொசுவம் கனமாக நின்று விழுவதும், கரை தரையில் உரசித் தேயாமல் இருப்பதும் அதனால்தான்.

ஒரு சேலையை எடுத்துக்கொண்டு சொல்கிறேன். பக்கத்து வீட்டில் ஒருவர் மெரூன் உடல், மஞ்சள் கரை போட்ட சுங்குடிச் சேலை கொடுக்கிறார் என்று வையுங்கள். நம் ஊரில் அதிகம் வரப்போவது இதுதான். சுங்குடி பருத்தி, புதிதில் கஞ்சி விறைப்பாக இருக்கும், முதல் துவையலில் சாயமும் கொஞ்சம் விடும். ஃபால்ஸின் நிறத்தைக் கரைக்குப் பொருத்துங்கள், உடலுக்கு அல்ல. மஞ்சள் கரைக்கு மெரூன் ஃபால்ஸ் வைத்தால் கரை வழியாக நிழல் அடிக்கும், சாயம் இறங்கினால் கரையே திட்டுத் திட்டாகிவிடும். மேட்சிங் சென்டருக்குப் போகும்போது சேலையைக் கையோடு கொண்டு போங்கள். போனில் எடுத்த படத்தை வைத்து நிறம் பார்க்காதீர்கள். கடைக்குள் இருக்கும் விளக்கில் மட்டும் பார்த்து வாங்காமல், வாசலுக்கு வந்து பகல் வெளிச்சத்திலும் ஒருமுறை வைத்துப் பாருங்கள்.

வாங்கி வந்த பருத்தி ஃபால்ஸை அப்படியே தைக்கக் கூடாது. இந்த வேலையில் பெயர் கெடுவது பெரும்பாலும் இங்கேதான். ஃபால்ஸை முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, மறுநாள் பிழியாமல் காயவைத்து, அயர்ன் பண்ணி எடுத்துக்கொள்ளுங்கள். பருத்தித் துணி முதல் நனைப்பில் சுருங்கும். நனைக்காமல் தைத்தால் அன்றைக்குப் பார்க்க அழகாகத்தான் இருக்கும். அந்த அம்மா சேலையைத் துவைத்த பிறகு ஃபால்ஸ் மட்டும் சுருங்கி, கரையைப் பிடித்து இழுத்து, கீழே முழுக்கச் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அதை அயர்ன் பண்ணி எடுக்க முடியாது, பிரித்துத்தான் தைக்க வேண்டும். ஊறவைக்கும்போது தண்ணீரில் சாயம் இறங்குகிறதா என்றும் தெரிந்துவிடும். இறங்கினால் அந்த ஃபால்ஸை வெளிர் நிறச் சேலைக்கு வைக்கவே வைக்காதீர்கள்.

அடுத்தது எந்த முனை என்ற கேள்வி. சேலையை விரித்து, முந்தானை எது, இடுப்பில் செருகும் உள்முனை எது, கீழ்க்கரை எது, உள்பக்கம் எது என்று நான்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். அச்சு போட்ட சேலை என்றால் நிறம் மங்கலாக இருப்பது உள்பக்கம். இரண்டு கரையும் ஒரே மாதிரி இருந்து, முந்தானையிலும் வித்தியாசம் தெரியாவிட்டால் ஊகிக்க வேண்டாம், கொடுத்தவரையே கேளுங்கள். ப்ளவுஸ் துணி சேர்ந்தே வந்திருந்தால் அதை வெட்டிய பிறகுதான் ஃபால்ஸ் வைக்க வேண்டும். பொதுவாக 80 சென்டிமீட்டர் இருக்கும். கோடு போட்டு வெட்டுவதற்கு முன் "வெட்டவா, அப்படியே விடவா?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உயரமானவர்கள், உடம்பு கொஞ்சம் பூசினாற்போல் இருப்பவர்கள் சிலர் ப்ளவுஸ் துணியையும் சேர்த்தே கட்டிக்கொள்வார்கள்.

பொதுவாக உள்முனையில் இருந்து அரை சாண் தள்ளி ஃபால்ஸ் ஆரம்பிக்கும். ஒரு சுற்றுப் போய் கொசுவம் முடியும் இடம் வரை அது வந்துவிடும். ஆனால் இடுப்புச் சுற்றளவு அதிகம் உள்ளவர்களுக்கு முதல் சுற்றே நிறையத் துணியை எடுத்துக்கொள்ளும். அதே இடத்தில் ஆரம்பித்தால் கடைசி இரண்டு கொசுவத்துக்கு ஃபால்ஸ் எட்டாது, அந்த இரண்டு மடிப்பு மட்டும் மேலே தூக்கிக்கொண்டு நிற்கும். ஃபால்ஸ் வைத்த அவருடைய பழைய சேலை ஒன்றைக் கட்டச் சொல்லி, கடைசிக் கொசுவம் எங்கே முடிகிறது என்று ஒரு ஊக்கு குத்தித் தரச் சொல்லுங்கள். அந்த அளவை நோட்டில் எழுதி வைத்துக்கொண்டால் அவருக்கு அடுத்த சேலை வரும்போது கேட்கவே வேண்டாம். "அவங்க தைச்சா மட்டும் கொசுவம் நிக்குது" என்று ஆள் திரும்பி வருவது இதனால்தான்.

இப்போது தையல். ஃபால்ஸின் இரண்டு முனையையும் அரை அங்குலம் உள்ளே மடித்து அயர்ன் பண்ணுங்கள். சேலையைத் தரையில் அல்லது கட்டிலில் சமமாக விரித்து, ஃபால்ஸின் கீழ் ஓரம் சேலை ஓரத்தை விட ஒரு நூல் அளவு மேலே இருக்கும்படி வையுங்கள். சரிக்குச் சரி வைத்தால் நடக்கும்போது ஃபால்ஸ் எட்டிப் பார்க்கும். சாணுக்கு ஒரு குண்டூசி குத்திக்கொண்டு போங்கள். ஃபால்ஸையும் இழுக்கக் கூடாது, சேலையையும் இழுக்கக் கூடாது. கீழ் ஓரத்தைப் பருத்திச் சேலை என்றால் மெஷினில் நேராக ஓட்டிவிடலாம், கரை நிற நூலில் தைத்தால் வெளியே தெரியாது. மேல் ஓரத்தைக் கையால் ஹெம்மிங்தான் செய்ய வேண்டும். ஊசி சேலையில் ஒன்றிரண்டு இழையை மட்டும் எடுத்து, மீதி நூல் ஃபால்ஸுக்குள் அரை அங்குலம் ஓடி, மறுபடி ஒன்றிரண்டு இழை எடுக்கும். வெளிப்பக்கம் பார்த்தால் புள்ளிகூடத் தெரியக் கூடாது. நூலை இழுத்து இறுக்காமல், சாணுக்கு ஒரு முறை சின்ன முடிச்சுப் போட்டுக்கொண்டே போங்கள். மெட்டியும் கொலுசும் ஃபால்ஸில் மாட்டி இழுப்பது சகஜம். முடிச்சு இருந்தால் அந்த ஒரு சாண் மட்டும் பிரியும். இல்லாவிட்டால் ஒரு இழுப்பில் இரண்டரை மீட்டரும் கையோடு வந்துவிடும்.

முடித்ததும் சேலையைக் கொடியில் கரை கீழே தொங்கும்படி போட்டுப் பாருங்கள். கரை உள்பக்கமாகச் சுருண்டால் ஃபால்ஸ் இறுக்கமாக இருக்கிறது. ஃபால்ஸ் பை மாதிரி தொங்கினால் தளர்ந்திருக்கிறது. இரண்டையும் அங்கேயே பிரித்துச் சரிசெய்துவிடுங்கள்.

பட்டுச் சேலையைப் பழகும்போதே எடுக்காதீர்கள். எடுக்கத் தொடங்கினால் இரண்டு ஓரமும் கைத்தையலே நல்லது. ஜரிகைக் கரையில் மெஷின் ஊசி போட்ட ஓட்டை போகாது, பிரித்தாலும் வரிசையாகத் தெரியும். புதிய, மெல்லிய கை ஊசி வைத்துக்கொள்ளுங்கள். முனை மழுங்கிய ஊசி ஒரு பட்டு இழையை இழுத்துவிட்டால் கரையின் குறுக்கே கோடு விழும். மேலே ஒரு மெல்லிய பருத்தித் துணி போடாமல் அயர்ன் பெட்டியை வைக்கவே கூடாது.

சேலையின் இரண்டு முனைகளுக்கும் ஓரம் அடித்துக் கொடுப்பது இந்த வேலையோடு சேர்ந்தே வரும். உங்கள் மெஷினில் ஜிக்ஜாக் வராது. அதற்காக இப்போதே புது மெஷின் வாங்க வேண்டாம். ஜிக்ஜாக் மெஷின் வைத்திருக்கும் தையல்கடை உங்கள் ஏரியாவிலேயே இருக்கும், நான்கைந்து சேலை சேர்ந்ததும் ஒன்றாகக் கொண்டு போய்க் கொடுத்தால் குறைத்து வாங்கிக்கொள்வார்கள். மாதத்துக்கு நாற்பது, ஐம்பது சேலை தவறாமல் வருகிறது என்று ஆன பிறகு மெஷினைப் பற்றி யோசிக்கலாம்.

பணக் கணக்கு சொல்கிறேன். கூலி தெருவுக்குத் தெரு மாறும், உங்கள் பக்கத்துத் தையல்கடையில் விசாரித்து அதே விலையை வையுங்கள். கணக்குக்காக ஃபால்ஸ், ஓரம் இரண்டும் சேர்த்து 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஃபால்ஸ் துணிக்கு 25, ஜிக்ஜாக் கடைக்கு 20, நூல், கரண்ட் எல்லாம் சேர்த்து 5 என்றால் உங்கள் கைக்கு 50 ரூபாய் நிற்கும். ஆரம்பத்தில் ஒரு சேலைக்கு ஒரு மணி நேரம் ஆகும். ஆக ரெண்டு மணி நேரத்தில் இரண்டு சேலை, 100 ரூபாய். மாதம் இருபது நாள் உட்கார்ந்தால் 2,000 ரூபாய். கை பழகி மூன்று சேலை முடிக்க ஆரம்பித்தால் 3,000. இதுவும் சேலை தொடர்ந்து வந்தால்தான். முதல் இரண்டு மூன்று மாதம் இதில் பாதி வந்தாலே சரி என்று எடுத்துக்கொள்ளுங்கள். இதே ரெண்டு மணி நேரத்துக்கு மாதம் பதினைந்தாயிரம், இருபதாயிரம் என்று யாராவது ஆசை காட்டி, முதலில் "பதிவுக் கட்டணம்" கட்டச் சொன்னால் கட்டாதீர்கள். வீட்டிலிருந்து டைப்பிங், பேனா பேக்கிங் என்று சுற்றும் விளம்பரங்களில் பணத்தை விட்டவர்களை எனக்கே தெரியும். அப்படி ஆன்லைனில் பணம் கட்டி ஏமாந்துவிட்டால் தாமதிக்காமல் சைபர் மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்ல வேண்டும்.

வருமானத்தை உயர்த்துவது குச்சுதான். ஃபால்ஸுக்குத் துணி வாங்க வேண்டும், குச்சுக்குப் பெரும்பாலும் உங்கள் கைதான் முதல். பட்டுச் சேலையின் முந்தானை முனையில் நெய்யாமல் விட்ட பாவு நூல் சில அங்குலம் தொங்கும். அந்த நூலையே முறுக்கிக் கட்டுவது முறுக்குக் குச்சு. அரை அங்குல அகலத்துக்கு வரும் நூலை ஒரு கொத்தாக எடுத்து, அதை இரண்டாகப் பிரித்து, இரண்டையும் ஒரே திசையில், வலப்பக்கமாக, தானாகச் சுருளும் வரை முறுக்குங்கள். பிறகு இரண்டையும் சேர்த்துப் பிடித்து எதிர்த் திசையில் விட்டால் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டு கயிறு மாதிரி நிற்கும். நுனியில் ஒரு முடிச்சு. இரண்டையும் வேறு வேறு திசையில் முறுக்கினால் என்ன செய்தாலும் நிற்காது, ஒரே துவையலில் பிரிந்து பஞ்சாகிவிடும். முந்தானையின் அகலம் சுமார் 45 அங்குலம், ஆகவே ஒரு சேலைக்குத் தொண்ணூறு குச்சு வரை வரும். முதல் சேலைக்கு இரண்டு நாள் உட்கார வேண்டியிருக்கும், பழகினால் ஒரே நாளில் முடியும். எல்லாம் முடிந்த பிறகு ஒரு ஸ்கேலை வைத்து நுனிகளை ஒரே நீளத்துக்கு வெட்டுங்கள். முன்னாலேயே வெட்டினால் முறுக்கியதும் ஒவ்வொன்றும் ஒரு நீளத்தில் நிற்கும்.

பாவு நூல் இல்லாத சேலைக்கு முந்தானை ஓரத்தை மடித்துத் தைத்து, தனியாகப் பட்டு நூல் வாங்கிக் குஞ்சம் செய்து கோக்க வேண்டும், மணி வைத்தும் கேட்பார்கள். இதற்குக் கூலி டிசைனைப் பொறுத்தது, முறுக்குக் குச்சைப் போல இரண்டு மூன்று மடங்குகூட வாங்கலாம். ஆனால் கடையில் பட்டு நூல் என்று விற்பதில் பெரும்பகுதி செயற்கை நூல், சில நிறங்கள் சாயம் விடும். சிவப்பு, நீலம், கரும்பச்சை நூலை வாங்கியதும் ஈரமான வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணியில் நிறம் ஏறினால் அந்த நூலைச் சேலையில் கட்டாதீர்கள். நூறு ரூபாய் நூலுக்காகப் பத்தாயிரம் ரூபாய்ச் சேலைக்குப் பதில் சொல்ல வேண்டிவரும்.

சேலையை வாங்கும்போது செய்ய வேண்டியது ஒன்று உண்டு, இதைக் கூச்சப்படாமல் செய்யுங்கள். கொடுப்பவர் எதிரிலேயே முழுதும் விரித்துப் பாருங்கள். கறை, ஓட்டை, இழை விட்ட இடம் எது இருந்தாலும் அவரிடம் காட்டி, போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், வாங்கிய தேதி, கொடுக்கும் தேதி, கூலி, வாங்கிய முன்பணம் இவற்றை நோட்டில் எழுதி, அதே எண்ணைத் துண்டுச் சீட்டில் போட்டுச் சேலையில் குத்துங்கள். தெரிந்தவர்கள்தானே என்று விட்டால் பிறகு அந்தத் தெரிந்தவர்களிடமே "இது முன்னாடியே இருந்துச்சு" என்று சொல்ல வேண்டிய சங்கடம் வரும். ஃபால்ஸ் துணிக்கான காசையாவது முன்பணமாக வாங்கிவிடுங்கள். தைத்து வைத்த சேலையை மாதக்கணக்கில் வாங்க வராதவர்களும் இருக்கிறார்கள்.

சேலை எங்கிருந்து வரும்? முதல் பத்துச் சேலை உங்கள் தெருவில் இருந்தும், ஸ்கூல் வாசலில் நிற்கும் மற்ற அம்மாக்களிடம் இருந்தும் வரும். டீச்சர்கள், நர்ஸ்கள், பேங்கில் வேலை பார்ப்பவர்கள் தினமும் சேலை கட்டுபவர்கள், அவர்களில் இரண்டு பேர் வாடிக்கையாகிவிட்டால் அவர்கள் மூலமாகவே அடுத்தவர்கள் வருவார்கள். விளக்குத்தூண், மாசி வீதிகள் பக்கத்து ஜவுளிக் கடைகளுக்கு வேலை செய்யும் தையல்காரர்களிடம் கேட்டால் கட்டுக்கட்டாகச் சேலை கொடுப்பார்கள். கூலி நேரடியாக வருவதில் பாதிதான் இருக்கும், ஆனால் ஃபால்ஸ் துணியும் நூலும் அவர்களே கொடுத்துவிட்டால் அது மோசமில்லை. ஆனையூரில் இருந்து பஸ்ஸில் போய்வரும் நேரத்தையும் செலவையும் கூலியில் கழித்துப் பார்த்துவிட்டு, வாரம் ஒருமுறை பத்துப் பதினைந்து சேலையாக வாங்க முடிந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளுங்கள்.

வேலை வருடம் முழுக்கச் சீராக வராது. தை, மாசி, வைகாசி, ஆவணி முகூர்த்த மாதங்களில் பட்டும் குச்சும் அதிகம் வரும். ஆடியில் கல்யாணம் இல்லாவிட்டாலும் தள்ளுபடியில் வாங்கிய சேலைகள் ஃபால்ஸுக்கு வரும். மார்கழி மந்தம், ஆனால் அதன் கடைசியில் பொங்கல் சேலைகள் வந்துவிடும். நெருக்கடி என்றால் தீபாவளிக்கு முந்தைய இரண்டு வாரம்தான். ரெண்டு மணி நேரத்தில் எத்தனை முடியும் என்று உங்கள் நோட்டைப் பார்த்தாலே தெரியும். அதற்கு மேல் வருவதை "தீபாவளி கழிச்சுத் தரட்டுமா?" என்று கேட்டு வாங்குங்கள், இல்லாவிட்டால் திருப்பி அனுப்புங்கள். பண்டிகைக்குச் சேலை கைக்கு வராமல் போனால் அந்த வீடு மறுபடி உங்களிடம் வராது. மே மாதம் பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள், அந்த ரெண்டு மணி நேரம் கிடைக்காது. கையில் இருப்பதை ஏப்ரல் பாதிக்குள் முடித்துக் கொடுத்துவிட்டு, அந்த மாதத்துக்குக் குச்சு வேலை எதையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.